வடசென்னை ஓட்டு வீடுகளில் உளுத்த மரக்கூரையை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மங்களூர் ஓடு போட்ட வீடுகளும் சிறு கிடங்குகளும் இன்னும் நிறைய இருக்கின்றன. கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டங்களான ட்ரஸ்கள் பெரும்பாலும் தேக்கு. கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே கூரைக்கானவை: சுவருக்குச் சுவர் 18 அடி அகலம், ட்ரஸ்கள் 8 அடிக்கு ஒன்று, 30 டிகிரி சரிவு, 14 அங்குலச் சுண்ணாம்புச் செங்கல் சுவர். உங்கள் கூரையின் அளவு வேறாக இருந்தால் விடையும் மாறும். ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் மாறாது.

பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவருக்குச் சுவர் படுத்திருப்பது அடிவிட்டம். அதன் இரு முனைகளிலிருந்து முகட்டுக்கு ஏறுபவை சாய்மரங்கள். முகட்டிலிருந்து நேராக இறங்குவது நடுக்கால். அதன் அடியிலிருந்து சாய்மரத்தின் நடுவுக்குப் போகும் குட்டை மரங்கள் முட்டுகள். இவற்றின் மேல் ட்ரஸ்ஸுக்கு ட்ரஸ் குறுக்கே போகும் பர்லின், அதன் மேல் சரிவோடு இறங்கும் கைமரம், அதன் மேல் குறுக்கே ரீப்பர், கடைசியில் ஓடு.

ட்ரஸ்ஸின் ஒரு முனை உளுத்துப்போய்விட்டது. மொத்தக் கூரையையும் பிரித்துப் புதிதாகப் போடத்தான் வேண்டுமா?

முதலில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். சுவருக்கு வெளியே தெரியும் மரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். நோய் சுவருக்குள் இருக்கிறது. சுவரை ஒட்டி, அடிவிட்டத்தின் பக்கவாட்டிலிருந்து சுவருக்குள் போகும் மாதிரி 45 டிகிரி சாய்வில் 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். நல்ல தேக்கில் டிரில் முனை எதிர்த்து நிற்கும், பொன்பழுப்பில் சுருள்சுருளாகத் தூள் வரும், தேக்கு வாசனையும் வரும். அழுகிய இடம் வந்ததும் டிரில் சட்டென்று உள்ளே வழுக்கும். தூள் கறுப்பாகவோ காப்பித்தூள் நிறத்திலோ ஈரமாக வரும். எல்லா ட்ரஸ்ஸின் இரண்டு முனைகளிலும் இதைச் செய்யுங்கள். சோதித்த துளையில் தேக்குக் குச்சி அடித்து அடைத்துவிடலாம்.

அழுகல் சுவருக்குள்ளேயே நின்றிருந்தால் முனையை மட்டும் வெட்டி ஒட்டலாம். சாய்மரம் அமரும் மூட்டையும் தாண்டி உள்ளே வந்திருந்தால் அந்த ட்ரஸ்ஸை முழுதாக மாற்றுவதுதான் மலிவு. ஒட்டு வேலைக்கான இரும்பும் கூலியும் சேர்ந்தால் புது அடிவிட்டத்தின் விலையை நெருங்கிவிடும்.

நடுவில் மரம் கல்லு மாதிரி இருக்கிறது. சுவருக்குள் இருக்கும் ஒரு அடி மட்டும் ஏன் அழுகுகிறது?

காற்று இல்லாததால். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சைக்கு வாழ்வு இல்லை. கூடத்தின் நடுவில் தொங்கும் மரம் ஐப்பசி மழையில் நனைந்தாலும் தை மாதம் காய்ந்துவிடும். சுவருக்குள் இருப்பது காயாது.

பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மையுள்ளது. பிற்பாடு யாரோ அதன்மேல் சிமெண்ட் பூசி, மரத்தைச் சுற்றியிருந்த இடைவெளியையும் கலவை வைத்து அடைத்திருப்பார்கள். அதோடு இங்கே வீடுகள் பொதுச்சுவரோடு ஒட்டி நிற்கின்றன. இரண்டு வீட்டுக் கூரைகளும் சேரும் இடத்தில் ஒரு தகர வாய்க்கால் ஓடும். கடல் காற்றில் அந்தத் தகரம் ஓட்டை விழுந்தால், தண்ணீர் நேராக அடிவிட்டத்தின் தலையில்தான் இறங்குகிறது. அந்த வாய்க்காலை மாற்றாமல் கூரை மரத்தை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பக்கத்து வீட்டாரிடம் பேசுவது வேலையின் முதல் படி. பல வேலைகள் தள்ளிப்போவதும் அங்கேதான்.

மரவாடியில் ‘மலேசியன் சால் போடுங்க, தேக்கு எதுக்கு’ என்கிறார்கள். எதை வாங்குவது?

இந்திய மர வடிவமைப்பு விதி ஐ.எஸ். 883, மரங்களை வளையும் தன்மையை வைத்து ஏ, பி, சி என்று மூன்று குழுக்களாகப் பிரிக்கிறது. தேக்கு பி குழு, நம் நாட்டுச் சால் ஏ குழு. அதாவது வலுவில் சால் தேக்கைவிட ஒரு படி மேல். ஆகவே ‘தேக்குதான் பலம்’ என்பது சரியில்லை. தேக்கை விரும்புவதற்கு வேறு காரணங்கள் உண்டு. அதன் நடுவிலுள்ள கருத்த வைரப்பகுதி கரையானுக்கும் அழுகலுக்கும் நன்றாகத் தாங்குகிறது, காயும்போது அதிகம் முறுக்கிக்கொள்வதில்லை, மூட்டு வெட்ட இணங்குகிறது. மூட்டு பிசகாமல் உட்கார வேண்டிய ட்ரஸ்ஸுக்கு இந்த மூன்றும் முக்கியம்.

மலேசியன் சால் என்பது கடைப் பெயர். அந்தப் பெயரில் வரும் மரமெல்லாம் நம் சாலும் அல்ல, எல்லா லோடும் ஒரே மரமும் அல்ல. சிவப்பான, கனமான, நன்கு காய்ந்த துண்டுகளாகப் பொறுக்கினால் பர்லினுக்கும் கைமரத்துக்கும் தாராளமாகப் போடலாம். துளை போட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளக்கும். அடிவிட்டத்துக்கும் நடுக்காலுக்கும் நான் அதைப் போடச் சொல்வதில்லை.

தேக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இளம் தோட்டத் தேக்கில் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய வெள்ளைப்பகுதி அதிகம். தேக்கின் பெயர் எல்லாம் வைரத்துக்குத்தான், வெள்ளைப்பகுதியைப் பூச்சி மற்ற மட்ட மரத்தைத் தின்பதுபோலவே தின்னும். சுவருக்குள் போகும் முனையில் வெள்ளை ஒரு விரல்கூட இருக்கக் கூடாது. சில கடைகளில் வெள்ளையைச் சாயம் பூசி மறைப்பார்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலோ சீவுளியால் ஒரு இழை எடுத்தாலோ தெரிந்துவிடும்.

‘ஃபர்ஸ்ட் குவாலிட்டி’ என்று கடைக்காரர் சொல்வதும் முதல் கிரேடும் ஒன்றுதானா?

இல்லை. கடைக்காரரின் முதல் தரம் நிறத்தையும் ரேகையையும் பார்த்துச் சொல்வது, கதவு செய்பவருக்கு அது போதும். கட்டமைப்புக் கிரேடு குறைகளை அளந்து தருவது. விதியில் மூன்று இருக்கின்றன: செலக்ட், முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு. பி குழு மரம் முதல் கிரேடாக இருந்தால் வளைவிலும் இழுப்பிலும் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 12 நியூட்டன் தாங்கும் என்று கணக்கில் எடுக்கலாம். செலக்ட் என்றால் அதை 1.16-ஆல் பெருக்கலாம், இரண்டாம் கிரேடு என்றால் 0.84-ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும்.

மரவாடியில் நின்று இதை நீங்களே பார்க்கலாம். முதலில் நார் ஓட்டம். மரத்தின் நீளத்தில் 15 அங்குலம் போவதற்குள் நார் ஒரு அங்குலத்துக்கு மேல் விளிம்பை நோக்கிச் சாயக் கூடாது. இது முதல் கிரேடுக்கான வரம்பு. செலக்டுக்கு 20-க்கு 1, இரண்டாம் கிரேடுக்கு 12-க்கு 1. ரேகையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், வளர்ச்சி வளையத்தின் அழகு வேறு, நாரின் திசை வேறு. காய்ந்த மரத்தில் மயிரிழை வெடிப்புகள் நாரோடுதான் ஓடும், அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்தால் போதும்.

அடுத்தது கணு. பிடிப்பான உயிர்க்கணு முகத்தின் அகலத்தில் சுமார் கால்பங்குவரை முதல் கிரேடில் வரலாம். 6 அங்குல முகத்தில் ஒன்றரை அங்குலம். எண்ணிக்கையைவிட இடம்தான் எனக்கு முக்கியம். மூட்டு வெட்டும் இடத்திலும் போல்ட் துளை வரும் இடத்திலும் சின்னக் கணுகூட வேண்டாம். முனையிலிருந்து இரண்டு அடிவரை சுத்தமாக இருக்கும்படி மரத்தைத் திருப்பிப் போட்டு அறுக்கச் சொல்லுங்கள். முனைப் பிளவு, உளுத்துளை, உள்ளழுகல் இருந்தால் கிரேடு பேச்சே இல்லை, அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

கடைசியாக ஈரம். நம் கடற்கரைக் காற்றில் விட்டத்துக்கும் கைமரத்துக்கும் 20 சதவீதம்வரை சரி. ஈரமானியை முனையில் வைத்துக் காட்டுவார்கள், முனை எப்போதும் காய்ந்துதான் இருக்கும். நடுவில், அதுவும் புதிதாக அறுத்த முகத்தில் வைத்துப் பாருங்கள்.

சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் இடித்த வீட்டுப் பர்மா தேக்கு கிடைக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக. முழுக்கக் காய்ந்திருக்கும், இனி முறுக்காது. ஆனால் பழைய துளை, பழைய வெட்டு இருக்கும் இடங்களைக் கழித்துவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும். இரண்டு தலையையும் ஒவ்வொரு அடி வெட்டிப் போட்டுவிடுங்கள், அவையும் ஒரு காலத்தில் சுவருக்குள் இருந்தவை. 20 அடி நீளத்துக்குக் குறையில்லாத துண்டு அரிது. முட்டு, நடுக்கால், பர்லினுக்கு நிறையத் தேறும். உடைந்த ஆணி இருந்தால் அறுப்பு மில்லில் வாளைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள், காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கிய பிறகே கொண்டு போங்கள்.

பொறியாளர் அடிவிட்டம் 6-க்கு 4 அங்குலம் போதும் என்கிறார், ஆசாரி 8-க்கு 5 கேட்கிறார். யார் சொல்வது சரி?

எடையிலிருந்து வருவோம். ரீப்பரோடு மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. கைமரம், பர்லின், ட்ரஸ்ஸின் சொந்த எடைக்கு இன்னும் 20 கிலோ. சரிவைத் தரையளவுக்கு மாற்றி, ஓடு மாற்ற ஏறும் ஆளின் எடைக்கு விதிப்படி சேர்த்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 125 கிலோ. ஒரு ட்ரஸ் தாங்குவது 5.4 மீட்டருக்கு 2.4 மீட்டர் பரப்பு. ஆக மொத்தம் சுமார் 1,620 கிலோ.

இந்த எடையால் ஒவ்வொரு சாய்மரமும் அடிவிட்டத்தின் முனையைச் சுமார் 1,220 கிலோவால் தள்ளுகிறது. அதில் படுக்கைவாட்டுப் பங்கு சுமார் 1,050 கிலோ. சாய்மரங்கள் சுவரை வெளியே தள்ளாதபடி இழுத்துப் பிடிப்பதுதான் அடிவிட்டத்தின் வேலை. மூட்டுக்காக ஒன்றரை அங்குலம் வெட்டிய பிறகும் 6-க்கு 4 மரத்தில் இந்த இழுப்பு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன்கூட வராது. மரம் தாங்கக்கூடியதோ 12. இழுப்புக்காக மரத்தைப் பெருக்க வேண்டியதே இல்லை. 8-க்கு 5 போட்டால் ட்ரஸ்ஸுக்கு இரண்டு கன அடிக்கு மேல் கூடுதல் தேக்கு, அவ்வளவுதான்.

ஆனால் ஆசாரியின் பயத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. அடிவிட்டத்தில் பரண் கட்டி மூட்டை அடுக்குவது இங்கே வழக்கம். அப்படி உத்தேசம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, புதிதாகப் போட வேண்டும். இல்லையென்றால் 6-க்கு 4. மிச்சமாகும் காசை முனை மூட்டில் போடுங்கள்.

முனை மூட்டை எப்படி வெட்ட வேண்டும்? இரண்டு போல்ட் போட்டு இறுக்கினால் போதாதா?

போல்ட் மட்டும் போதாது. தள்ளலை மரத்தோடு மரம் மோதி வாங்க வேண்டும், போல்ட் அதை விலகாமல் பிடிக்கத்தான். அடிவிட்டத்தின் மேல்முகத்தில் ஒன்றரை அங்குல ஆழத்துக்குச் சாய்வெட்டு வெட்டி, அதில் சாய்மரத்தின் மூக்கு முழு அகலத்துக்கும் முட்டும்படி உட்கார வேண்டும். வெட்டின் முகம், இரண்டு மரங்களுக்கு இடையே உள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கட்டும். உட்கார்ந்த பிறகு ஒரு போஸ்ட்கார்டைச் செருகிப் பாருங்கள். எங்கேயும் நுழையக் கூடாது. நுழைந்தால் அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும், தகடு வைத்து அடைக்கக் கூடாது.

இனி முக்கியமான அளவு. மூக்கு முட்டும் இடத்துக்கு வெளியே, அடிவிட்டத்தின் தலைவரை எவ்வளவு மரம் மிச்சம் இருக்கிறது? அந்த 1,050 கிலோவும் அந்தத் துண்டைத்தான் நாரோடு பிளந்து வெளியே தள்ளப் பார்க்கிறது. நாரோடு சறுக்குவதில் எல்லா மரமும் பலவீனம். பி குழுவுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 0.91 நியூட்டன்தான் கணக்கு. 10,500 நியூட்டனை 100 மில்லிமீட்டர் அகலத்தாலும் 0.91-ஆலும் வகுத்தால் 115 மில்லிமீட்டர், அதாவது நாலரை அங்குலம். காயும்போது முனையில் வெடிப்பு வராத மரம் கிடையாது என்பதால் 8 அங்குலம் விடுங்கள்.

அழுகுவதும் இதே 8 அங்குலம்தான். அதனால்தான் முனை உளுத்த வீடுகளில் மேல்வரிசைச் செங்கல் வெளிப்பக்கம் தள்ளி நிற்கும், சுவரும் கூரையும் சேரும் இடத்தில் படுக்கைவாட்டில் விரிசல் ஓடும். அதைப் பார்த்துச் ‘சுவர் வீக்’ என்று சுவருக்குச் செலவு செய்பவர்கள் உண்டு.

14 அங்குலச் சுவரில் இந்த 8 அங்குலமும், தலைக்குப் பின்னால் ஒரு அங்குலக் காற்று இடைவெளியும் சரியாக அடங்கும். மூக்கு, சுவரின் உள்முகத்திலிருந்து 5 அங்குலம் தள்ளி வரும். 9 அங்குலச் சுவரில் அடங்காது. அங்கே அடிவிட்டத்தைச் சுவருக்கு வெளியே தாழ்வாரத்துக்கடியில் நீட்டிவிடுவதே நல்லது.

போல்ட் விஷயம் எளிது. மூட்டில் சாய்மரத்துக்குச் செங்குத்தாக ஒரு 16 மில்லிமீட்டர் போல்ட், இரு பக்கமும் 50 மில்லிமீட்டர் சதுரத் தகடு வாஷர். சாதா வட்ட வாஷர் மரத்துக்குள் புதைந்துவிடும். ஒரு வருடம் கழித்து நட்டை ஒரு முறை இறுக்க வேண்டும்.

நடுக்கால் அடிவிட்டத்தில் சரியாக உட்காரவில்லை, நடுவே சந்து இருக்கிறது. ஆப்பு வைத்து அடைத்துவிடலாமா?

வேண்டாம்! நடுக்கால் நிற்பதில்லை, தொங்குகிறது. இரண்டு முட்டுகளும் அதன் அடியில் வந்து தள்ளுகின்றன. நம் கூரையில் அந்தத் தள்ளலால் நடுக்காலில் சுமார் 400 கிலோ இழுப்பு வருகிறது, அதை முகட்டுக்குக் கொண்டுபோவதும், கூடவே அடிவிட்டத்தைத் தொய்யாமல் தூக்கிப் பிடிப்பதும் அதன் வேலை. அடியில் கால் அங்குலச் சந்து வேண்டுமென்றே விடப்படுவது. 50-க்கு 6 மில்லிமீட்டர் பட்டையை அடிவிட்டத்துக்குக் கீழே ‘யு’ வடிவில் சுற்றி, நடுக்காலின் இருபக்கமும் இரண்டு 12 மில்லிமீட்டர் போல்ட்டில் பிடிக்க வேண்டும். சந்தை அடைத்துவிட்டால், மரம் காய்ந்து சுருங்கும்போது நடுக்கால் ஒரு தூண்போல அடிவிட்டத்தை அழுத்தத் தொடங்கும்.

எங்கள் கூரை கனமானது. வர்தா மாதிரி காற்றுக்கும் பிடிமானம் தேவையா?

தேவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது ஓடுகள் பறந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு விதி தரும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். நெருக்கமான தெருவில் தாழ்ந்த வீடு என்று குறைத்துக் கணக்கிட்டாலும், கூரையைச் சதுர மீட்டருக்கு 130 கிலோ அளவில் மேலே உறிஞ்சக்கூடும். கூரையின் சொந்த எடையோ தரையளவில் 100 கிலோவுக்குக் கீழ். மிச்சத்தைச் சுவர் பிடிக்க வேண்டும். ட்ரஸ்ஸின் ஒரு முனைக்கு அது சுமார் 200 கிலோ, பாதுகாப்புக்குச் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

பழைய சுவரின் மேல்வரிசையில் இரண்டு போல்ட்டைக் கலவையில் ஊன்றினால், காற்று அந்த இரண்டு செங்கல்லையும் சேர்த்துத் தூக்கும். 300 கிலோ செங்கல் வேண்டுமானால் 14 அங்குலச் சுவரில் இரண்டடி நீளத்துக்கு இரண்டரை அடி ஆழம் இறங்க வேண்டும். ஆகவே சுவரின் உள்முகத்தோடு ஒரு 12 மில்லிமீட்டர் கம்பியை மூன்றடி இறக்கி, கீழே சுவரைக் குறுக்காகத் துளைத்த தகட்டில் மாட்டி, மேலே அடிவிட்டத்தைச் சுற்றிய பட்டையில் இறுக்குவதே சரி. பர்லினைச் சாய்மரத்தோடு ஆணியால் மட்டும் நிறுத்தாமல் மரக்கட்டை வைத்துப் போல்ட் போடுங்கள். தாழ்வார ஓரத்து மூன்று வரிசை ஓடுகளையும் முகட்டையொட்டிய வரிசையையும் கம்பியால் ரீப்பரில் கட்டிவிடுங்கள்.

கருப்பு இரும்பு போல்ட்டுக்குப் பெயிண்ட் அடித்தால் போதுமா?

கடலிலிருந்து இந்தத் தூரத்தில் போதாது. துரு விரிந்தால் போல்ட் துளையிலிருந்தே மரம் பிளக்கும். வெளிக்காற்று படும் இடத்தில் 316 ரகத் துருவேறா எஃகு, உள்ளே சூடாக உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த போல்ட். பளபளவென்று கடையில் கிடைக்கும் மெல்லிய பூச்சு வேறு, அது ஒரு மழைக்காலம் தாங்காது.

முனையை மட்டும் வெட்டி ஒட்டுவது எப்படி?

அழுகல் முடியும் இடத்திலிருந்து இன்னும் ஒரு அடி நல்ல மரத்துக்குள் வந்து நேராக வெட்டுங்கள். அதே குழு, அதே அளவு, காய்ந்த மரத்தில் புது முனை. இருபக்கமும் 6 மில்லிமீட்டர் தகடு வைத்து, ஒட்டுக்கு இந்தப் பக்கம் நான்கும் அந்தப் பக்கம் நான்குமாக 12 மில்லிமீட்டர் போல்ட். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடிக்காமல் இரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் போடுங்கள். மரத்தின் வெட்டுமுனைக்கும் முதல் போல்ட்டுக்கும் நடுவே போல்ட் விட்டத்தைப்போல ஏழு மடங்கு, இங்கே 84 மில்லிமீட்டர், குறையாமல் இருக்க வேண்டும். துளை போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்கலாம். தளர்ந்த துளையில் போல்ட் பிடிப்பதற்குள் சுவர் நகர்ந்துவிடும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது? வீட்டில் ஆள் இருக்கும்போதே செய்யலாமா?

அந்த அறையில் ஆள் இருக்கக் கூடாது. மாசி பிறந்ததும் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு வெகு முன்பே முடியும். முதலில் ஒவ்வொரு ட்ரஸ்ஸுக்கும் சாய்மர மூட்டுக்குச் சற்று உள்ளே, இருபுறமும் ஜாக்கி முட்டு கொடுங்கள். அதற்குப் பிறகுதான் ஓட்டில் கை வைக்க வேண்டும். ஓட்டை இரு சரிவிலும் சமமாக, முகட்டிலிருந்து கீழ்நோக்கி எடுத்து வாருங்கள். ஒரு பக்கத்தை முழுக்கக் காலி செய்தால் மறுபக்க எடை ட்ரஸ்ஸை ஒருபக்கமாகத் தள்ளும், உளுத்த முனை அப்போதுதான் கழன்றுகொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு ட்ரஸ் மட்டும்.

புது முனை உட்காரும் இடத்தில் கருங்கல் அல்லது கான்கிரீட் படுகைக்கல், அதன்மேல் தார்ஷீட், பிறகு மரம். வெட்டிய ஒவ்வொரு முகத்துக்கும், போல்ட் துளைக்குள்ளும்கூட, மரக்காப்பு மருந்தை இரண்டு முறை ஊறவிடுங்கள். இரு பக்கமும் பின்னாலும் ஒரு அங்குல இடைவெளி. பூச்சு வேலைக்காரர் அந்த ஓட்டையைப் பார்த்ததும் கலவையை அள்ளி அடைக்க வருவார், பக்கத்திலேயே நின்று தடுங்கள். அணிலும் எலியும் வரும் என்றால் துருவேறா வலையை மடித்துச் செருகினால் போதும்.